முகத்தை மாற்றலாம், தலையை மாற்ற முடியாது

தம்பி,

நேற்று ராத்திரி போனில், "தேர்த்திருவிழா சீனில் மாமா முகத்தை மட்டும் மாத்திடலாம்ணே, இப்பல்லாம் செல்போன்லயே பண்றாங்க" என்றீர்கள். முடியாது என்று உடனே சொல்லியிருந்தால் எடிட்டருக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பீர்கள். முடியும் என்றிருந்தால் பொய். அதனால் ராத்திரியே டைம்லைனைத் திறந்து, மாமா வேஷத்தில் முதலில் நடித்த பழைய நடிகர் வருகிற 11 ஷாட்டையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன். நீங்கள் சிஜிக்காரர்களிடம் பேசப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். அவர்கள் பாதி விஷயத்தைத் தொழில் பாஷையில் சொல்வார்கள், நீங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

மற்ற சீன்களை, அவருக்குப் பதில் வந்த புதியவரை வைத்துத் திரும்ப எடுத்துவிட்டோம். இந்த ஒரு ராத்திரியைத்தான் எடுக்க முடியாது. அது நிஜத் திருவிழா, நிஜக் கூட்டம், அடுத்த வருஷம்தான் தேர் மறுபடி ஓடும். அதனால் உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

முதலில், "முகத்தை மாற்றுவது" என்றால் திரையில் உண்மையில் எது மாறுகிறது என்று பார்ப்போம். புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை நுனி வரை, ஒரு காதுக்கு முன்னாலிருந்து இன்னொரு காதுக்கு முன்னால் வரை ஒரு முகமூடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகமூடிக்குள் இருப்பது மட்டும்தான் மாறும். முடி, நெற்றியின் மேல்பாதி, காது, கழுத்து, தோள் எல்லாம் பழையவருடையதாகவே இருக்கும். நாம் ஒரு ஆளை அடையாளம் காண்பதில் பாதி இந்த வெளிப்பகுதியில்தான் இருக்கிறது. ஊரில் தெருமுனையில் ஒருவர் வருகிறார், முகம் தெரியாத தூரம், ஆனாலும் நம் சித்தப்பா என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அந்தத் தலை வடிவமும் தோள் சாய்வும்தான் காரணம்.

நம் பழையவருக்கு அகலமான தாடை, குட்டைக் கழுத்து. புதியவருக்கு ஒட்டிய கன்னம், நீளக் கழுத்து. ஒட்டிய கன்னத்தை அகலமான தலையில் வைத்தால் கன்னத்துக்கு வெளியே பழைய கன்னத்தின் விளிம்பு மிச்சமாக நிற்கும். அதை அழித்து, பின்னால் இருக்கிற கூட்டத்தை வரைந்து நிரப்ப வேண்டும். அல்லது புதிய முகத்தை அகலமாக இழுக்க வேண்டும். இழுத்தால் அது புதியவர் மாதிரியும் இருக்காது, பழையவர் மாதிரியும் இருக்காது, இருவருக்கும் பிறந்த ஒரு மகன் மாதிரி இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஒரு படத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த ஷாட்டைக் கடைசியில் தூக்கி எறிந்தோம்.

இதைச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு குறை. அந்தக் குறை புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

முதல் வழி பழையது. புதிய நடிகரை உட்காரவைத்து, பழைய ஷாட்டை அவருக்குப் போட்டுக் காட்டி, அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் அவர் முகத்தைப் படம் பிடித்து, பழைய தலைமேல் ஒட்டுவது. 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கில், கூரையிலிருந்து தொங்குகிற பெண்ணுக்குப் போட்ட டூப் தவறுதலாக கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டார். அந்தக் கணத்துக்கு மட்டும் நடிகையின் முகத்தை ஒட்டினார்கள். 2010இல் வந்த தி சோஷியல் நெட்வொர்க்கில் ஆர்மி ஹேமர் இரட்டையர் இருவராகவும் வருவார். இரண்டாவது ஆளின் உடம்பு ஜாஷ் பென்ஸ் என்ற இன்னொரு நடிகருடையது, முகம் மட்டும் ஹேமருடையது. ஆனால் அங்கே முகத்தை மாற்றப்போகிறோம் என்பது முதல் நாளே தெரியும். உயரமும் உடல்வாகும் பொருந்துகிற ஆளாகத் தேர்ந்தெடுத்து, இருவரையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்துத்தான் கேமராவை எடுத்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. எடுத்து முடித்து நான்கு மாதம் கழித்து யோசிக்கிறோம்.

இந்த வழியில் நடிப்பு புதியவருடையது, தலையசைவு பழையவருடையது. சிக்கல் இங்கேதான். பேசும்போது தலை சும்மா இருப்பதில்லை. எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அந்தச் சொல்லில் தாடை இறங்கும், தலை ஒரு துளி முன்னால் போகும். கண்ணாடி முன்னால் நின்று "நான் இருக்கேன்டா" என்று சொல்லிப் பாருங்கள். "இருக்கேன்" என்பதை அழுத்தினால் அங்கே தலை ஆடும், "நான்" என்பதை அழுத்தினால் அங்கே ஆடும். பழையவர் "நான்" என்பதை அழுத்தியிருக்கிறார். புதியவர் தன் பாணியில் "இருக்கேன்" என்பதை அழுத்தினால், வாய் ஒரு இடத்தில் அழுத்தும், தலை வேறு இடத்தில் ஆடும். ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் டப்பிங் சரியில்லை என்பார்.

இரண்டாவது வழிதான் நீங்கள் செல்போனில் பார்த்தது. புதியவரின் முகம் உள்ள ஆயிரக்கணக்கான பிரேம்களையும் பழையவரின் பிரேம்களையும் மென்பொருளுக்குக் கொடுத்தால், ஒரு முகபாவத்தை யார் முகத்தில் எப்படி வரைவது என்று அது கற்றுக்கொள்கிறது. பிறகு பழையவர் சிரித்தால் அதே சிரிப்பைப் புதியவர் முகத்தில் வரைகிறது. இங்கே தலையசைவும் முகபாவமும் ஒத்துப்போகும், ஏனென்றால் இரண்டுமே பழையவருடையவை. நன்றாகக் கவனியுங்கள். நடிப்பு பழையவருடையது, தோல் மட்டும்தான் புதியவருடையது. மாமா வேஷத்துக்குப் புதியவரை எதற்காகத் தேடிப் பிடித்தீர்களோ, அந்த அடக்கமான கண், அது இந்த ஷாட்களில் வராது. பழையவரின் புருவ நெளிப்பு அப்படியே வரும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் 2கே ஸ்கோப்பில் கொடுக்கிறோம். அகலம் 2048 பிக்சல், உயரம் 858. லாங் ஷாட்டில் ஒரு ஆள் படத்தின் பாதி உயரம் இருந்தால் அவர் தலை சுமார் 57 பிக்சல். 40 அடி அகலத் திரையில் அது ஒரு அடி சொச்சம். இடுப்புக்கு மேல் தெரிகிற மிட் ஷாட்டில் தலை 215 பிக்சல், திரையில் நாலு அடிக்கு மேல். டைட் க்ளோஸில் முகம் 600 பிக்சல், கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் 256 அல்லது 512 பிக்சல் சதுரத்துக்குள்தான் முகத்தை வரைகின்றன. மிட் ஷாட்டுக்கு அது தாராளம். டைட் க்ளோஸுக்கு அதைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் தோல் துவாரமும் கண் ஈரமும் போய், குளித்துவிட்டுப் பவுடர் போட்ட மாதிரி ஒரு வழவழப்பு வரும். செல்போனில் எல்லாம் நன்றாகத் தெரிவதற்குக் காரணமும் இதுதான். அங்கே மொத்தப் படமே உள்ளங்கை அளவு.

இப்போது நம் 11 ஷாட்.

நான்கு லாங். அவற்றைத் தொட வேண்டாம். இருட்டு, கூட்டம், தலை ஒரு அடி. தோளில் இருக்கிற சிவப்புத் துண்டுதான் மாமா என்று ஆடியன்ஸ் எடுத்துக்கொள்வார்கள். மூன்று சஜஷன் ஷாட், அவர் முதுகும் பிடரியும்தான் தெரிகிறது. அதில் ஒன்றில் மட்டும் காது தெளிவாக விழுகிறது. அந்த ஷாட்டை ஒரு வினாடி தாமதமாகத் தொடங்கினால் போதும். இரண்டு மிட், நேர்முகம், அவர் நின்று தேரைப் பார்க்கிறார், பேசவில்லை. இந்த இரண்டுக்கும் இரண்டாவது வழியே போதும். டைட் க்ளோஸ் ஒன்று, கண் கலங்குகிற ஷாட். அதை மறந்துவிடுங்கள், கீழே வருகிறேன். மிச்சம் இருப்பது ஒன்று, ஷாட் 7. நீங்கள் போனில் விடாமல் பேசியதும் அதைப் பற்றித்தான்.

ஷாட் 7 மொத்தம் 6 வினாடி 12 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் என்றால் 156 பிரேம். கையில் பிடித்த கேமரா. அதை நான்கு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன்.

1 முதல் 38 வரை பக்கவாட்டு முகம். தேர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேர்முகத்தில் மூக்கு முகத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை மாற்றினால் சுற்றிலும் முகம்தான். பக்கவாட்டில் மூக்கின் கோடு பின்னணியோடு முட்டுகிறது. பழையவருக்குக் கூர்மூக்கு, புதியவருக்குச் சப்பை. மூக்கைக் குறைத்தால் குறைத்த இடத்தில் பின்னால் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பின்னால் தீப்பந்தம் பிடித்தவர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள், கேமராவும் ஆடுகிறது, ஆள் இல்லாத வெற்றுப் பின்னணி ஒன்றும் நாம் எடுத்து வைக்கவில்லை. 38 பிரேமுக்கும் ஒருவர் உட்கார்ந்து கையால் வரைய வேண்டும். அதோடு, புதியவரை வைத்து நாம் எடுத்த மற்ற சீன்களில் பக்கவாட்டு முகம் மொத்தமே கொஞ்சம்தான், அதுவும் பகல் வெளிச்சத்தில். கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாத கோணத்தை மென்பொருள் ஊகிக்கும். ஊகித்தால் கன்னம் பிரேமுக்குப் பிரேம் நெளியும்.

39 முதல் 70 வரை திரும்புகிறார். முகம் வேகமாக நகர்வதால் மங்கலாகத் தெரிகிறது. மங்கல் நமக்கு உதவிதான், பலதை மறைத்துவிடும். ஆனால் பக்கவாட்டிலிருந்து நேருக்கு வரும்போது பழைய மூக்கு எங்கே முடிந்து புதிய மூக்கு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. முதல் துண்டைச் செய்யாமல் இதை மட்டும் செய்ய முடியாது.

71 முதல் 118 வரை நேர்முகம், "நான் இருக்கேன்டா, நீ போ." இதுதான் நமக்குக் கிடைக்கிற பொன். ஆனால் இதிலும் ஒரு வம்பு இருக்கிறது, நெற்றி விபூதி. மூன்று பட்டையும் முகமூடியின் மேல் விளிம்புக்குக் குறுக்கே போகின்றன. மேல்பட்டை வெளியே, கீழ்ப்பட்டை உள்ளே, நடுப்பட்டை சரியாக விளிம்பின் மேல். புதியவர் வேறு சீன் எதிலும் விபூதி வைக்கவில்லை. அதனால் மென்பொருளுக்கு விபூதி என்ற ஒன்றே தெரியாது. சோதனைக்குச் சில பிரேம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி நம் சிஜி பையனிடம் கொடுத்தேன். கீழ்ப்பட்டை காணாமல் போய், நடுப்பட்டை பாதியில் கரைந்து, நெற்றி வியர்வையில் அழிந்த மாதிரி வந்தது. தனி பிரேமில் பார்த்தால் அழகாகக்கூட இருந்தது. ஓட்டினால் பட்டை வந்து வந்து போகிறது. இதைச் சரிசெய்யலாம். முகமூடியைப் புருவத்தோடு நிறுத்திவிட்டு, நெற்றி முழுவதையும் பழையவருடையதாகவே விட்டால் விபூதி தப்பிக்கும். புருவத்தை நெற்றிக்கு ஏற்றும்போது தோலில் விழுகிற சுருக்கம் மட்டும் கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கழுத்தையும் பார்த்தேன். "போ" என்கிறபோது பழையவரின் தொண்டைக்குழி ஏறி இறங்குவது தெரிகிறது. அதனால் அந்த வசனத்தை டப்பிங்கில் மாற்றலாம் என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். புதியவர் டப்பிங் பேசும்போது இதே சொற்களை இதே வேகத்தில்தான் பேச வேண்டும். வாயை மாற்றலாம், தொண்டையை மாற்ற முடியாது.

வெளிச்சம் இன்னொன்று. தீப்பந்த வெளிச்சம் அவர் இடது கன்னத்தில் நிலையாக விழவில்லை, துடிக்கிறது. மென்பொருள் அந்தத் துடிப்பைச் சமன்செய்துவிடும். கழுத்தும் சட்டையும் துடித்துக்கொண்டிருக்க, முகம் மட்டும் அமைதியாக ஒளிரும். நிறத்தைச் சரிசெய்கிற டிஐ வேலையில் கலரிஸ்ட்டிடம் சொல்லி, கழுத்தில் ஏறி இறங்குகிற வெளிச்சத்தின் அளவைப் பிரேம் பிரேமாக எடுத்து முகத்துக்கும் கொடுக்கச் சொல்லலாம். 48 பிரேமுக்கு அது செய்யக்கூடிய வேலை.

119 முதல் 156 வரை துண்டால் முகத்தைத் துடைக்கிறார். துண்டு முகத்துக்கு முன்னால் வருகிறது. புதிய முகத்தைத் துண்டுக்கு அடியில் வைக்க வேண்டும், அதாவது பழைய துண்டையும் விரல்களையும் வெட்டியெடுத்து மேலே போட வேண்டும். ரோட்டோ என்கிறார்களே, அது. அதையும் செய்துவிடலாம் என்றே வையுங்கள். துண்டு கன்னத்தை அழுத்தும்போது கன்னம் நசுங்குகிறது, உதடு ஒரு பக்கம் இழுபடுகிறது. புதிய முகம் நசுங்காது. துணி முகத்தின்மேல் படாமல் காற்றில் போகிற மாதிரி இருக்கும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஆக 156இல் நான் நம்பிக் கேட்கக்கூடியது 71 முதல் 112 வரை, 42 பிரேம், ஒன்றே முக்கால் வினாடி. 113இல் கை மேலே கிளம்புகிறது, அதனால் அதற்கு முன்பே வெட்ட வேண்டும்.

ஒன்றே முக்கால் வினாடியா என்று மலைக்காதீர்கள். அந்தச் சீனை நேற்று ராத்திரியே வேறு மாதிரி அடுக்கிப் பார்த்தேன். சஜஷனில், மாமாவின் முதுகுக்கு மேல் ஹீரோ முகம். ஹீரோ ஏதோ கேட்க வாயெடுக்கிறான். அவன் முகத்தின் மேலேயே "நான் இருக்கேன்டா" என்ற குரல் தொடங்குகிறது. அங்கிருந்து நம் 42 பிரேம், "நீ போ" என்று முடிகிறது. கை கிளம்புமுன் மறுபடி ஹீரோ. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான், பின்னால் தேர் நகர்கிற சத்தம். துண்டால் துடைப்பது படத்தில் இல்லை. ஆனால் ஹீரோவின் கண் கீழே இறங்குவதை வைத்து, மாமா அழுகிறார் என்று தெரிகிறது. எனக்கு இது முதலில் அடுக்கியதைவிட நன்றாகவே இருக்கிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, வந்து பாருங்கள்.

டைட் க்ளோஸை பேட்ச் ஒர்க்காகப் புதியவரை வைத்து எடுத்துவிடுவோம். அந்த அளவு க்ளோஸில் பின்னணி மொத்தமும் ஃபோகஸ் அவுட். நாலு சீரியல் பல்பும், ஓரத்தில் ஒருவர் ஆட்டுகிற தீப்பந்தமும், கொஞ்சம் சாம்பிராணிப் புகையும் இருந்தால் எந்த ஊர்த் திருவிழா என்று யாரும் கேட்கப் போவதில்லை. 2017இல் ஆல் தி மணி இன் தி வேர்ல்ட் படம் ரிலீஸுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் இருக்கையில் ரிட்லி ஸ்காட் முக்கிய நடிகரையே மாற்ற வேண்டி வந்தது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடத்திலேயே, கிறிஸ்டோபர் பிளம்மரை அழைத்து ஒன்பது நாள் ரீஷூட் போனார்கள். முகபாவம் முக்கியமான இடத்தில் ஆளை வைத்து எடுப்பதுதான் அவர்களுக்கும் சுலபமாக இருந்திருக்கிறது. நமக்கு அரை ராத்திரி போதும்.

சிஜி வந்ததும் எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரேமை நிறுத்திப் பார்க்காதீர்கள், நிறுத்தினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சத்தத்தை அணைத்துவிட்டு, ஓடவிட்டு, தாடை விளிம்பை மட்டும் பாருங்கள். முகமும் கழுத்தும் வேறு வேறாக நீந்தினால் அங்கே தெரிந்துவிடும். அப்புறம் பல்லைப் பாருங்கள். வாய் திறக்கும்போது பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். அதன் பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு ஒருமுறை பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குப் புதிதாகத் தெரியும். கடைசியாக, என் மானிட்டரில் ஓகே சொல்லாதீர்கள். பிரிவியூ தியேட்டரில் பெரிய திரையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு உங்களிடமிருந்து வேண்டியவை இவ்வளவுதான். சிஜிக்கு அனுப்புமுன் இந்தச் சீனின் எடிட்டை இறுதி செய்து லாக் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் எட்டு எட்டு பிரேம் கூடுதலாக வைத்து அனுப்புகிறேன். அதற்கு மேல் நீட்டச் சொன்னாலும், பிறகு டிஐயில் இருபது சதவீதம் ஜூம் போகலாம் என்று ஆசைப்பட்டாலும், முதலிலிருந்து வேலை தொடங்கும். பழைய நடிகரின் உடம்பும் கையசைவும் படத்தில் இருக்கப் போகிறது. அவரிடமும் புதியவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லி புரொடியூசரிடம் நீங்களே பேசுங்கள், நான் பேசினால் நன்றாக இருக்காது.

பேட்ச் ஒர்க்குக்கு வரும்போது அந்தச் சிவப்புத் துண்டைக் காஸ்ட்யூமரிடம் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், துவைக்காமல். விபூதி மூன்று பட்டை, கீழ்ப்பட்டை வலது பக்கம் கொஞ்சம் அழிந்திருக்கும், ஷாட் 7இன் 90ஆவது பிரேமைப் பிரிண்ட் எடுத்து மேக்கப்மேனிடம் கொடுத்துவிடுகிறேன். டைட் க்ளோஸ் எடுத்து முடித்ததும் புதியவரை அதே தீப்பந்த வெளிச்சத்தில் நிற்கவைத்து, தலையை மெதுவாக இடமும் வலமும் மேலும் கீழும் திருப்பச் சொல்லி, ஐந்து நிமிஷம் கேமராவை ஓடவிடுங்கள். அந்த 42 பிரேமுக்கு மென்பொருள் கற்றுக்கொள்ளப் போவது அந்த ஐந்து நிமிஷத்திலிருந்துதான். வியாழக்கிழமை சாயங்காலம் எடிட் ரூமில் இருப்பேன்.